வீட்டுச் சாப்பாட்டுச் சேவைக்குக் கதவில் மாட்டும் அட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சகங்களில் இதை டோர் ஹேங்கர் என்பார்கள். பார்ப்பதற்கு ஒரு நோட்டீஸ்தான். தலையில் ஒரு துளை அதிகம், அவ்வளவுதான். ஆனால் என் மேசைக்கு வந்த கதவு அட்டைகளில் கெட்டுப்போனவை பெரும்பாலும் அந்தத் துளையால்தான் கெட்டன. வீட்டில் சமைத்து டிபனும் சாப்பாடும் கொடுப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அட்டையை என்ன அளவில் போடுவது?

அகலம் 90 மி.மீ., உயரம் 210 மி.மீ. இந்த அளவைச் சொல்வதற்குக் காரணம் அழகு அல்ல, தாள் கணக்கு. டிஜிட்டல் அச்சகங்களில் அதிகம் புழங்கும் தாள் 12×18 அங்குலம், அதாவது ஏறக்குறைய 305×457 மி.மீ. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க, நான்கு பக்கமும் 3 மி.மீ. நிறத்தைக் கூடுதலாக விட வேண்டும். அச்சகத்தில் இதை ப்ளீட் என்பார்கள். ஆகவே ஓர் அட்டை தாளில் 96×216 இடத்தை எடுத்துக்கொள்கிறது. குறுக்கே மூன்று வைத்தால் 288, நெடுக்கே இரண்டு வைத்தால் 432. ஒரு தாளில் ஆறு அட்டைகள் அடங்கிவிடும்.

ஏ4 தாளை மூன்றாக வெட்டிய 99 மி.மீ. அகலத்தைப் பலர் கேட்கிறார்கள். ப்ளீட் சேர்த்தால் அது 105 ஆகிறது. மூன்று வைத்தால் 315. அந்தத் தாளில் குறுக்கே இடம் போதாது, நான்கு அட்டைகள்தான் பிடிக்கும். 500 அட்டைக்கு 84 தாளில் முடிய வேண்டிய வேலை 125 தாளுக்குப் போய்விடும். 9 மி.மீ. அகலத்துக்குக் கொடுக்கும் விலை அது.

துளையை எங்கே போட வேண்டும்? எவ்வளவு பெரியதாக?

விட்டம் 35 மி.மீ. அட்டையின் மேல் விளிம்புக்கும் துளையின் மேல் விளிம்புக்கும் நடுவே 20 மி.மீ. அட்டை நிற்கட்டும். அப்படியென்றால் துளையின் மையம் இடது விளிம்பிலிருந்து 45 மி.மீ., மேல் விளிம்பிலிருந்து 37.5 மி.மீ. தொலைவில் வரும். துளை 55 மி.மீ.-இல் முடிகிறது. இன்னும் 5 மி.மீ. விட்டு, எழுத்தும் படமும் 60 மி.மீ.-க்குக் கீழே தொடங்கட்டும்.

துளைக்கு மேலே இருக்கும் அந்த 20 மி.மீ. பட்டைதான் அட்டை முழுவதையும் தாங்குகிறது. இடத்தை மிச்சப்படுத்த அதை 8, 10 மி.மீ. ஆக்கினால், மாட்டும்போதே கிழியும். 30 மி.மீ.-க்கு மேல் விட்டால் வேறு தொல்லை: தலை நீண்டு, கதவில் இடித்து, அட்டை முன்னோக்கி வளையும்.

துளையின் இரு பக்கமும் 27.5 மி.மீ. அகலம் சும்மா இருக்கிறதே, அங்கே ஃபோன் எண்ணைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். மடக்கிக் கீழே அழுத்தித் திறக்கும் கைப்பிடியில் அட்டையை மாட்டினால், கைப்பிடியின் தண்டு துளை வழியாக வெளியே வந்து ஒரு பக்கமாக நீளும். துளை இருக்கும் மட்டத்தில் அது எதை மறைக்கும் என்பது கதவுக்குக் கதவு மாறும். அந்த 60 மி.மீ. உயரமும் வெறும் நிறமாகவே இருக்கட்டும்.

எங்கள் அட்டை எல்லாக் கதவிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே தொங்கியது. ஏன்?

துளை நடுவில் இல்லை. அட்டை துளையின் மேல் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறது. அதன் எடை மையம் அதற்கு 85 மி.மீ. கீழே இருக்கிறது. துளை 5 மி.மீ. ஒரு பக்கம் தள்ளிப்போனால் அட்டை ஏறத்தாழ மூன்றரை டிகிரி சாயும். கீழ் விளிம்பின் ஒரு மூலை மற்றதைவிட 5 மி.மீ. இறங்கி நிற்கும். கோணமாகச் சொன்னால் சிறியது. சட்டம் நேராக நிற்கும் கதவின் மேல் கண்ணுக்கு உடனே தெரியும்.

வடிவமைத்தவர் மேல் பழி போடுமுன் ஓர் அட்டையை நீளவாக்கில் சரிபாதியாக மடித்துப் பாருங்கள். துளையின் இரு அரைவட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் துளை சரி. கதவின் கைப்பிடிதான் கோணல். உட்காராவிட்டால் வெட்டில் பிழை.

வட்டத் துளை மட்டும் போதுமா, பக்கவாட்டில் கீறலும் வேண்டுமா?

உங்கள் தெருக் கதவுகளைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூடிய வட்டத் துளை, ஒரு முனை திறந்திருக்கும் கைப்பிடிக்கு மட்டும்தான் உதவும். அட்டையைச் செருகி உள்ளே தள்ளலாம். உருண்டைக் குமிழ் துளையைவிடப் பெரிதாக இருந்தால் நுழையாது. இரண்டு முனையும் கதவில் பதிந்திருக்கும் நீளப் பிடியிலும் கிரில் கேட்டின் கம்பியிலும் மூடிய துளையை மாட்ட வழியே இல்லை. நம் வீடுகளில் மரக்கதவுக்கு முன்னால் கிரில் கேட் பூட்டியிருப்பதே அதிகம். ஆகையால் கீறல் வேண்டும் என்பதே என் பதில்.

கீறலை எந்தத் திசையில் இழுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. துளையிலிருந்து நேர் மேலே இழுத்தால் தாங்கும் பட்டையே இரண்டாகப் பிளந்துவிடும். முதல் காற்றுக்கு அட்டை தரையில் கிடக்கும். பக்கவாட்டில் இழுங்கள், அதுவும் சற்றே கீழ்நோக்கி. துளையின் மையத்துக்கு 8 மி.மீ. கீழே தொடங்கி, வலது விளிம்பை அடையும்போது இன்னொரு 6 மி.மீ. இறங்கட்டும். அப்போது துளையின் மேல்பகுதி ஒரு கொக்கி போல ஆகிவிடும். கம்பி கொக்கியின் உச்சியில் இருக்கும். கீறல் அதற்கு வெகு கீழே இருக்கும். யாராவது அட்டையைத் தூக்கித் திருப்பினால்தான் வெளியே வரும். கீறலுக்கு அகலம் தேவையில்லை, கத்திக் கோடு போதும். மாட்டுபவர் இரண்டு ஓரத்தையும் முன்னும் பின்னுமாக விலக்கிக் கம்பியை நுழைத்துவிடுவார்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: முன்பக்கத்தில் வலதுபுறம் இருக்கும் கீறல், அட்டையைத் திருப்பினால் இடதுபுறம் இருக்கும். பின்பக்க வடிவத்திலும் வலதுபுறமே கோடு போட்டுத் தருபவர்கள் உண்டு. வெட்டு ஒன்றுதான், இரண்டு முறை வெட்டப்போவதில்லை.

இரண்டு பக்கமும் திரையில் சரியாக இருந்தன. அச்சாகி வந்தபோது பின்பக்கம் தலைகீழாக இருக்கிறது. யார் தவறு?

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஒருவருக்கு 500 அட்டைகள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனிப் படமாக ஃபோனில் அனுப்பினேன். இரண்டையும் பார்த்துச் சரி என்றார். அச்சான தாளை வெட்டி, துளையும் போட்டு முடித்த பிறகுதான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் தலைகீழ். முன்பக்கத்தின் தலையில் இருந்த துளை, பின்பக்கத்தின் அடியில், சரியாக ஃபோன் எண்ணின் நடுவே விழுந்திருந்தது. முதல் மூன்று இலக்கங்களும் கடைசி இரண்டும் மிச்சம். 500 அட்டையும் வீண்.

காரணம் தாளைத் திருப்பிய விதம். அச்சு இயந்திரத்தின் அமைப்பில் `Flip on long edge`, `Flip on short edge` என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். தாளின் நீளப் பக்கத்தைச் சுழல் அச்சாக வைத்துத் திருப்புவது முதலாவது. குட்டைப் பக்கத்தை வைத்துத் திருப்புவது இரண்டாவது. அட்டை நிமிர்ந்தது, எனவே நீளப் பக்கம்தானே என்று நினைத்தேன். ஓர் அட்டைக்கு அது சரி. ஆனால் நான் மூன்று அட்டைகளைப் படுக்கைவாக்கில் இருந்த தாளில் அருகருகே நிற்க வைத்திருந்தேன். அங்கே அட்டையின் உயரம் தாளின் குட்டைப் பக்கத்தோடு இணையாகப் போகிறது. அப்போது தேர்ந்தெடுக்க வேண்டியது குட்டைப் பக்கம்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். தாளை எந்தப் பக்கத்தை அச்சாக வைத்துத் திருப்பினாலும், அந்த அச்சு அட்டையின் உயரத்துக்கு இணையாக இருக்க வேண்டும். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போல. சுவரில் தொங்கும் காலண்டரின் தாளைத் தூக்குவது போல அல்ல.

மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரே ஒரு தாளை இரு பக்கமும் அச்சிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்பக்கத் துளையின் கோடும் பின்பக்கத் துளையின் கோடும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. விலகல் எல்லா இயந்திரத்திலும் இருக்கும், அதற்காகச் சண்டை போடாதீர்கள். அந்த விலகலை மனதில் வைத்துத்தான் துளையைச் சுற்றி அலங்கார வளையம் போடாதீர்கள் என்கிறேன். முன்பக்கம் அழகாக அமையும் வளையம், பின்பக்கம் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து நிற்கும்.

முன்பக்கத்தில் என்ன எழுதுவது, பின்பக்கத்தில் என்ன எழுதுவது?

முன்பக்கம், கதவைத் திறக்க வருபவர் பையைத் தோளில் மாட்டியபடி பார்க்கும் பக்கம். நீங்கள் யார், என்ன தருகிறீர்கள், சலுகை என்ன, எந்த எண்ணில் கூப்பிடுவது. இந்த நான்கும் போதும். பின்பக்கம், அட்டையை உள்ளே எடுத்துப்போனவர் உட்கார்ந்து படிக்கும் பக்கம். வாரப் பட்டியல், எந்த வேளைக்கு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், எந்தெந்தத் தெருக்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பீர்கள், பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பவை அங்கே வரட்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்து பெற்ற 14 இலக்க எண்ணையும் பின்பக்கத்தின் அடியில் போடுங்கள். முகம் தெரியாத வீட்டின் சமையலை வாங்கப்போகிறவர் தேடும் முதல் சான்று அது.

பின்பக்கம் வாரப் பட்டியலாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தில் ஒட்டிக்கொள்வார்கள். வெறும் விளம்பரத்தை யாரும் ஒட்டிக்கொள்வதில்லை. அன்றாடம் மாறும் பட்டியல் என்றால் வேண்டாம்; தவறான பட்டியல், பட்டியல் இல்லாததைவிடக் கெடுதல். கிழமைக்கு ஒன்றாக நிலையாக இருந்தால் மட்டும் அச்சிடுங்கள்.

கிரில் கேட்டில் தொங்கும் அட்டைக்கு முன் எது, பின் எது என்று சொல்ல முடியாது. தெருவில் போகிறவர் ஒரு பக்கத்தையும், வீட்டுக்குள் இருப்பவர் மறு பக்கத்தையும் பார்க்கிறார். எனவே பெயரும் ஃபோன் எண்ணும் இரண்டு பக்கமும் இருக்கட்டும். அந்த வீண்செலவு தேவையானதுதான்.

சலுகையை எப்படி எழுதுவது? 25 சதவீதம் தள்ளுபடி என்று போட்டால் ஆள் வருவார்களா?

எதில் 25 சதவீதம்? உங்கள் விலை அவருக்குத் தெரியாது. தெரியாத விலையில் கால்பங்கு குறைகிறது என்பது காதில் விழுந்து மறையும் செய்தி. நான் பரிந்துரைப்பது இந்த வடிவம்:

மூன்று நாள் சாப்பிடுங்கள்.
இரண்டு நாளுக்குப் பணம் கொடுங்கள்.
20ஆம் தேதிக்குள் சொல்லும் முதல் 20 வீடுகளுக்கு.

கணக்கைப் பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை 90 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். மளிகை, காய், கேஸ், பொட்டலம் எல்லாம் சேர்த்து உங்களுக்கு 60 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளுக்குச் செலவு 180. இரண்டு நாளுக்கு வரவு 180. உழைப்பு மட்டும்தான் போகிறது, கையிலிருந்து பணம் போவதில்லை. ‘முதல் சாப்பாடு இலவசம்’ என்றால் ஒரு வீட்டுக்கு 60 ரூபாய் வீதம் 20 வீட்டுக்கு 1,200 ரூபாய் போகும். ஒரு நாள் ஓசியில் சாப்பிட்டுவிட்டு மறப்பவர்களும் அதில் இருப்பார்கள். ‘முதல் மாதம் 25 சதவீதம் தள்ளுபடி’ என்றால் 26 நாளில் ஒரு வீட்டுக்கு 585 ரூபாய், 20 வீட்டுக்கு 11,700 ரூபாய். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்த்துவிட்டு அச்சகத்துக்குப் போங்கள்.

மூன்று நாள் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஒரு நாள் சாப்பாடு தற்செயலாக நன்றாக அமையலாம். மூன்று நாள் நேரத்துக்கு வந்து, மூன்று நாளும் நன்றாக இருந்தால்தான் ஒருவர் மாதக் கணக்கு வைப்பதைப் பற்றி யோசிப்பார்.

‘முதல் 20 வீடுகள்’ என்பது மிரட்டும் தந்திரம் அல்ல. உங்கள் அடுப்பில் கூடுதலாக எத்தனை பேருக்குச் சமைக்க முடியுமோ, அந்த எண்ணையே எழுதுங்கள். தேதியையும் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒருவர் அட்டையை நீட்டுவார், மறுக்க உங்களுக்கு வாய் வராது. இவை தவிர வேறு நிபந்தனை வேண்டாம். நட்சத்திரக் குறி போட்டு, அடியில் பொடி எழுத்தில் இன்னும் நான்கு வரி எழுதுவதானால் அந்தச் சலுகையையே விட்டுவிடலாம்.

எந்தத் தெருவிலிருந்து ஆர்டர் வந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, இரண்டு விதமாக. எளிய வழி: மாட்டப் போகும் முன் அந்தந்தத் தெருவுக்கான அட்டையின் மூலையில் பேனாவால் ஓர் எழுத்தைக் குறித்துவிடுங்கள். ஆர்டர் சொல்பவரிடம் ‘அட்டையின் ஓரத்தில் என்ன எழுத்து இருக்கிறது?’ என்று கேளுங்கள்.

இன்னொன்று, கியூஆர் குறியீடு. வாட்ஸ்அப் திறந்து செய்தி தானாக நிரம்பும்படி இணைப்பை இப்படி அமைக்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=K2
```

நாட்டு எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறியோ சுழியமோ வரக்கூடாது. K2 என்பது இரண்டாவது தெருவுக்கு நீங்கள் வைத்த அடையாளம். குறியீடு 25 மி.மீ.-ஐவிடச் சிறியதாக வேண்டாம், சுற்றிலும் குறியீட்டின் சிறு கட்டங்கள் நான்கின் அளவுக்கு வெள்ளை ஓரம் வேண்டும். ஃபோன் எண்ணை எழுத்தாகவும் போடுங்கள். குறியீட்டைக் கண்டு ஒதுங்குபவர்கள்தான் பல வீடுகளில் சமையலைப் பற்றி முடிவெடுப்பவர்கள்.

எந்தத் தாள் நல்லது? லேமினேஷன் போடலாமா?

300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில். ஓர் அட்டை 6 கிராம் அளவில்தான் வரும், துளை எளிதில் தாங்கும். நோட்டீஸ் அடிக்கும் 130 ஜிஎஸ்எம் தாளில் செய்தால் கொக்கி மடங்கி வழுக்கிவிடும். லேமினேஷன் போடுவதானால் இரண்டு பக்கமும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் ஈரக் காற்றில் அட்டை சுருளும். பின்பக்கம் பேனாவால் குறிக்கக் கட்டம் வைத்திருந்தால் லேமினேஷனே வேண்டாம், மை ஒட்டாது.

அச்சகத்துக்குக் கோப்பை எப்படித் தருவது?

முன், பின் என இரண்டு பக்கங்கள் கொண்ட ஒரே பிடிஎஃப், ப்ளீட் சேர்த்து 96×216. துளையும் கீறலும் தனி அடுக்கில், வடிவத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு நிறத்தில், மெல்லிய கோடாக இருக்கட்டும். அது வெட்டும் கோடு, அச்சாகக் கூடாது என்று வாயாலும் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.

தமிழ் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். அவர்களிடம் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலுமாக விலகி நிற்கும். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் சற்றுத் தடித்த எழுத்துருவாக எடுங்கள். மெல்லியதில் புள்ளிகள் மையில் அடைபடும், ‘சாப்பாடு’ ‘சாபபாடு’ ஆகிவிடும்.

எனக்கு நூறு அட்டைகள்தான் வேண்டும். அதற்காகத் துளை வெட்டும் அச்சான டை செய்யக் கட்டுப்படியாகாதே?

வேண்டாம். அட்டைகளை வெட்டி வாங்கிக்கொண்டு, துளையை நீங்களே போடலாம். தோல் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் வட்டப் பஞ்சை 35 மி.மீ. அளவில் வாங்குங்கள், அடியில் மரப்பலகை, மேலே சுத்தியல். ஓர் அட்டையில் துளையைச் சரியாகப் போட்டு, அதையே மாதிரியாக மேலே வைத்து, ஐந்தைந்தாக அடிக்கலாம். கீறலைக் கட்டர் கத்தியால் போடுங்கள். வீட்டுப் பிரிண்டரால் ஏ4 தாளின் ஓரம்வரை அச்சிட முடியாது, படுக்கவைத்த ஏ4 தாளின் உயரமும் 210 மி.மீ.தான். அதில் அச்சிடுவதானால் அட்டையின் உயரத்தை 200 மி.மீ. ஆக்கி, பின்னணி நிறத்தை விட்டு வெள்ளையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டப் போகும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

முதலில் சாதாரணத் தாளில் ஒன்றை வெட்டி மூன்று கதவுகளில் மாட்டிப் பாருங்கள்: மடக்குக் கைப்பிடி, நீளப் பிடி, கிரில் கம்பி. மூன்றிலும் நின்றால் மொத்தத்தையும் அச்சுக்குக் கொடுங்கள்.

அடுக்குமாடியில் காவலாளியிடமோ சங்கத்திடமோ கேட்டுவிட்டுப் போங்கள். பூட்டுத் துவாரத்தை மறைக்காதீர்கள். 500 அட்டையையும் ஒரே நாளில் மாட்ட வேண்டாம். உங்களால் 20 வீட்டுக்குத்தான் கூடுதலாகச் சமைக்க முடியும் என்றால் நாளுக்கு நூறு போதும். மூன்றாம் நாள் அதே தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். எடுக்கப்படாமல் தொங்கும் அட்டை, அந்த வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கே அறிவிக்கும். அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுங்கள், அடுத்த தெருவுக்கு ஆகும்.